நாற்பது பக்கம், பதினைந்து நிமிடம்

கருத்தரங்குகளில் அடிக்கடி காணும் காட்சி இது. பேச்சாளர் தம் ஆய்வுக்கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறார். அமர்வுத் தலைவர் துண்டுச்சீட்டை நீட்டுகிறார்: ‘இன்னும் இரண்டு நிமிடம்’. பேச்சாளர் பக்கங்களைப் புரட்டுகிறார், “நேரமின்மையால் சுருக்கமாகச் சொல்கிறேன்” என்கிறார், நான்கு பக்கத்தை வேகமாகப் படித்துவிட்டு முடிவுரைக்குத் தாவுகிறார். கேட்டவர்களுக்குப் பீடிகை முழுதாகவும், முடிவு அரைகுறையாகவும் கிடைக்கிறது. நடுவே இருந்த சான்று யாருக்கும் கிடைக்கவில்லை.

எல்லாத் துறையிலும் நடப்பதுதான். சமய வரலாற்றில் மட்டும் இதற்குக் கூடுதல் விலை உண்டு. ‘இந்த ஆண்டில், இந்த ஊரில், இந்த அரசன்’ என்று கட்டுரை சொன்னது, அவசரச் சுருக்கத்தில் ‘சோழர்கள் பௌத்தத்தை ஆதரித்தார்கள்’ என்றோ ‘சைவம் பௌத்தத்தை அழித்தது’ என்றோ ஆகிவிடும். இரண்டுமே அரங்கில் கைதட்டு வாங்கும். அல்லது சண்டை மூட்டும். இரண்டுக்கும் கட்டுரையில் ஆதாரம் இருக்காது.

நீளமான கட்டுரையைப் பேச்சாக மாற்றுவது எப்படி என்பதை ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். பொருள்: நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம்.

முதலில் கணக்கு

ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் படிப்பவர்கள் நிமிடத்துக்கு 120 சொல் என்று வைத்துக்கொள்வார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி, நம் சொல் ஒவ்வொன்றும் நீளம். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு பக்கத்தைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

90 என்று கொள்வோம். கொடுத்த நேரம் 15 நிமிடம் என்றால் 14 நிமிடத்துக்குத்தான் எழுத வேண்டும். மேடைக்கு ஏறவும், படம் திரையில் வரவும், தண்ணீர் குடிக்கவும் ஒரு நிமிடம் போய்விடும். பதினான்கைத் தொண்ணூறால் பெருக்கினால் 1,260 சொல். நாற்பது பக்கக் கட்டுரையில் ஏறக்குறைய 9,000 சொல் இருக்கும். ஏழில் ஒரு பங்குதான் மேடை ஏறும்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் ஏழில் ஒன்றாகக் குறைக்கிறார்கள். ஆறு பகுதி இருந்தால் ஆறும் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அப்படிச் செய்தால் கேட்பவருக்கு ஒரு பொருளடக்கம்தான் கிடைக்கும். பகுதிகளைக் குறைக்கக் கூடாது. பகுதிகளை விட்டுவிட வேண்டும்.

எதை விடுவது?

நம் எடுத்துக்காட்டுக் கட்டுரையில் ஐந்து பெரும்பகுதிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று, ராஜராஜன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள். இரண்டு, முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடுகள். இரண்டு தொகுதிகளும் இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரோடு பெயர் சேர்ந்து, பெரிய லெய்டன் செப்பேடு, சிறிய லெய்டன் செப்பேடு என்று அறியப்படுகின்றன. மூன்று, நாகையில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள். நான்கு, பர்மிய மன்னர் தம்மசேதியின் 15ஆம் நூற்றாண்டுக் கல்யாணிக் கல்வெட்டில் வரும் நாகைக் குறிப்பு. ஐந்து, ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்டு 1867இல் இடிக்கப்பட்ட கட்டடத்தின் கதை.

ஐந்தும் சுவையானவை. ஐந்தையும் சொன்னால் 850 ஆண்டு வரலாறு பதினான்கு நிமிடத்தில் ஓடும். அரங்கில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

அதனால் கட்டுரையை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். கேள்வி ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். அதற்கு விடை சொல்லும் சான்று கையில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘போர் நடந்த பிறகும் ஒரு அயல்நாட்டு அரசகுலத்தின் விகாரத்துக்குக் கொடுத்த கொடை எப்படி நிலைத்தது?’

இந்தக் கேள்வியை எழுதிய உடனே வேலை பாதி முடிந்துவிடுகிறது. இரண்டு செப்பேடுகளும் நடுவில் ஒரு போரும் உள்ளே வருகின்றன. செப்புத் திருமேனிகளும் கல்யாணிக் கல்வெட்டும் 1867ஆம் ஆண்டுக் கதையும் தாமாகவே வெளியே நிற்கின்றன. அவற்றை விடுவதற்கு மனம் வராது. குறிப்பாக, கோபுரத்தை இடித்த கதை எந்த அரங்கையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் அது வேறொரு கேள்விக்கு விடை. அந்தக் கோபுரமும் சூளாமணி விகாரமும் ஒன்றுதான் என்று நிறுவும் சான்றும் போதாது. பேச்சில் ஒரு வரியாக அதைச் செருகினால், கேட்பவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

பதினான்கு நிமிடத்தின் பங்கீடு

முதல் நிமிடம் ஒரு பொருளுக்கு: செப்பேட்டின் படம் திரையில் வரட்டும். 21 ஏடுகள், ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ், எல்லாம் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தில் சோழர் முத்திரை. அடுத்த இரண்டு நிமிடம் கேள்விக்கு. பிறகு நான்கு நிமிடம் முதல் செப்பேட்டுக்கு, இரண்டு நிமிடம் போருக்கு, மூன்று நிமிடம் இரண்டாம் செப்பேட்டுக்கு. கடைசி இரண்டு நிமிடம் முடிவுக்கும் அதன் எல்லைக்கும்.

கூர்ந்து பாருங்கள்: ‘ஆய்வு முன்னோடிகள்’ என்று ஒரு பகுதி இதில் இல்லை. கட்டுரையில் அதற்கு ஆறு பக்கம் இருக்கலாம். மேடையில் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோல் போதும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் வாதம் புரியாது என்றால் சொல்லுங்கள். பெரிய செப்பேட்டை ‘எபிகிராபியா இண்டிகா’வில் பதிப்பித்தவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், நாம் படிப்பது அவர் தந்த பாடம். அந்த ஒரு பெயர் போதும். மற்றவர்கள் அச்சுப்பிரதியில் அடிக்குறிப்பாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் இடம்.

ஒரு பத்தியை மாற்றுவோம்

கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்:

‘முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், கடாரத்தரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த விகாரத்துக்குப் பட்டனக்கூற்றத்தைச் சேர்ந்த ஆனைமங்கலம் இறையிலிப் பள்ளிச்சந்தமாக வழங்கப்பெற்றமையும், ராஜராஜனின் மறைவுக்குப் பின் அக்கொடை முதலாம் ராஜேந்திரனால் செப்பேட்டில் பொறிக்கப்பெற்று நிலைபேறாக்கப்பட்டமையும் இச்செப்பேடுகளால் அறியலாகின்றன.’

கண்ணால் படிக்கும்போது இதில் குறை இல்லை. புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. வினைமுற்று கடைசியில் வருவதால், கேட்பவர் இத்தனை பெயர்களைக் கையில் ஏந்திக்கொண்டு, யார் என்ன செய்தார் என்று தெரிவதற்காக வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதே செய்தி பேச்சில் இப்படி வரலாம்:

“ஏறக்குறைய கி.பி. ஆயிரத்து ஆறு. தஞ்சாவூரில் ராஜராஜ சோழன் ஒரு ஆணை போடுகிறான். ஆனைமங்கலம் என்ற ஊரை ஒரு விகாரத்துக்குக் கொடுக்கிறான். விகாரம் இருப்பது நாகப்பட்டினத்தில். அதைக் கட்டியவன் சோழன் அல்லன். கடலுக்கு அப்பால் இருந்த கடாரத்து அரசன். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரை அதற்கு வைத்தான். ஆணை போட்ட ராஜராஜன் இறந்துபோகிறான். மகன் ராஜேந்திரன் அந்த ஆணையைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைக்க வைக்கிறான். இந்த மகனின் பெயரை நினைவில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் திரும்ப வருவான்.”

சொல்லின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கூடட்டும். சுருக்குவது என்பது வாக்கியத்தை இறுக்குவது அன்று. சொல்லும் செய்திகளைக் குறைத்து, சொல்கிற ஒன்றை அகலமாகச் சொல்வது. கூற்றத்தின் பெயர் போய்விட்டது. கட்டியவனின் நீண்ட பெயரும் போய்விட்டது. தந்தையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம். விகாரத்துக்கு அந்தப் பெயர்தானே! ‘பள்ளிச்சந்தம்’ என்ற சொல் வேண்டுமென்றால், ‘சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம்’ என்று கையோடு விளக்கிவிட வேண்டும்.

எண்களிலும் இதே கட்டுப்பாடு தேவை. ஆனைமங்கலத்தின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேல், அதிலிருந்து வர வேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல் என்று செப்பேடு கணக்குச் சொல்கிறது. வேலிக்குக் கீழே மா, கலத்துக்குக் கீழே தூணி, குறுணி, நாழி வரை அது போகும். மேடையில் “ஏறக்குறைய ஒன்பதாயிரம் கலம் நெல், நாழி வரைக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள்” என்றால் போதும். அளவும் புரிகிறது, ஆவணத்தின் துல்லியமும் புரிகிறது. துல்லியமான எண்கள் பார்வையாளர் கையில் கொடுக்கும் ஒற்றைத் தாளில் இருக்கட்டும்.

நடுவில் வரும் போர்

முதல் செப்பேட்டைச் சொல்லி முடித்ததும் 1025 வருகிறது. ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்குகிறது. அவனது மெய்க்கீர்த்தி அந்த வெற்றியைப் பட்டியல் போட்டுப் பாடுகிறது. கடாரத்து அரசகுலம் கட்டிய விகாரத்துக்குத் தந்தை கொடுத்த ஊரை நிலைபெறச் செய்த அதே ராஜேந்திரன் கடாரத்தின்மேல் படை அனுப்பினான். பேச்சின் முடிச்சு இதுதான். இதைச் சொன்ன பிறகு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். பேசுதாளில் அந்த இடத்தில் சாய்கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டாம் செப்பேடு. குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1090. மூன்றே ஏடுகள். கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, நாகையில் இருந்த பள்ளிகளுக்குரிய நிலங்களின் வரிவிலக்கைச் சோழ அரசு மீண்டும் உறுதி செய்கிறது. அந்தப் பள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள்: ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி, ராஜராஜப் பெரும்பள்ளி. ராஜராஜப் பெரும்பள்ளிக்கு ஸ்ரீசைலேந்திர சூளாமணிவர்ம விகாரம் என்ற பெயரும் உண்டு. ஒரே கட்டடத்துக்குச் சோழன் பெயர் ஒன்று, கடாரத்தவன் பெயர் ஒன்று. பேச்சில் ஒரு முழு நிமிடம் செலவிட வேண்டிய இடம் இது. நாற்பது பக்கத்தில் அடிக்குறிப்பில் கிடந்திருக்கக்கூடிய செய்தி, மேடையில் நடுநாயகமாக வருகிறது. கட்டுரையின் எடையும் பேச்சின் எடையும் ஒரே இடத்தில் விழ வேண்டியதில்லை.

முதலில் வெட்டுப்படும் சொற்கள்

சுருக்கும்போது கை தானாகப் போவது ‘இருக்கலாம்’, ‘என்று கருத இடமுண்டு’, ‘இச்சான்றின் அளவில்’ போன்ற சொற்களை வெட்டத்தான். இடத்தை அடைக்கின்றன, பேச்சின் வேகத்தைக் குறைக்கின்றன என்று தோன்றும். சமய வரலாற்றில் இவற்றை வெட்டினால் கருத்தே மாறிவிடும்.

நம் பேச்சின் முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம். ஒன்று: “சோழர்கள் வணிகத்துக்காகப் பௌத்தத்தை ஆதரித்தார்கள்.” இது அழகாக ஒலிக்கும், ஆனால் தவறு. கொடுத்ததற்குக் காரணம் வணிகம் என்று இரண்டு செப்பேடுகளும் சொல்லவில்லை. அது நாம் ஊகிப்பது. ‘சோழர்கள்’ என்பதும் பிழை. நம்மிடம் இருப்பது குறிப்பிட்ட மூன்று அரசர்களின் செயல். ‘பௌத்தம்’ என்பதும் பெரிதாகிவிட்டது. இது ஒரு துறைமுகத்தில் ஒரு அரசகுலம் கட்டிய விகாரத்தைப் பற்றிய ஆவணம்.

மற்றொன்று: “ராஜராஜன் கொடுத்த ஊர் போருக்குப் பிறகும், எண்பத்து நான்கு ஆண்டு கழித்தும், தூதர் வந்து கேட்டபோது மறுபடி உறுதியானது. கொடையைத் தாங்கி நின்றது அரசர்களின் சமயப் பற்று மட்டும் அன்று, நாகைத் துறைமுகத்தின் வழியே ஓடிய உறவும்தான் என்று நான் கருதுகிறேன். செப்பேடு காரணத்தைச் சொல்லவில்லை. விகாரத்தில் வழிபட்ட நாகை மக்களைப் பற்றியும் இவற்றைக் கொண்டு நாம் எதுவும் சொல்ல முடியாது.” இதைச் சொல்ல இருபது நொடி கூடுதலாக ஆகும். அந்த இருபது நொடிக்காக வேறு எதையாவது வெட்டுங்கள்.

ஒரு சோதனை உண்டு. எழுதிய பேச்சில் எழுவாய்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். சைவம், வைணவம், பௌத்தம், சமணம் என்று சமயங்கள் எழுவாயாக நின்று எதையாவது செய்தால், அங்கே ஒரு மனிதர் மறைந்திருக்கிறார். அவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று போடுங்கள். போட முடியாவிட்டால் அந்த வாக்கியத்துக்குச் சான்று இல்லை என்று பொருள்.

பேசுதாளைத் தயாரித்தல்

கட்டுரைப் பிரதியில் கோடு போட்டு வெட்டிக்கொண்டு மேடைக்குப் போகாதீர்கள். பேச்சைத் தனியாக எழுதுங்கள். பெரிய எழுத்தில், வரிகளுக்கு இடையே இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட வேண்டும். ஒரு வாக்கியம் ஒரு தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக் கூடாது. ஆண்டுகளை எழுத்தில் எழுதிக்கொண்டால் நாக்கு தடுக்காது. ‘ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன்’ என்ற பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நான்காகப் பிரித்து எழுதி, வீட்டில் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

ஓரத்தில் நிமிடத்தைக் குறியுங்கள். போர் வரும் இடத்தில் 7 என்று இருந்தால், அங்கே வரும்போது கடிகாரம் 8 காட்டினால் பிந்திவிட்டீர்கள். அதற்காகவே இரண்டு பத்திகளைச் சதுர அடைப்புக்குள் போட்டுவைக்க வேண்டும். அவை இல்லாமலும் பேச்சு ஓடும். பிந்தினால் அவற்றைத் தாண்டுங்கள். படிக்கும் வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள்.

திரைக்கு நான்கு படம் போதும்: செப்பேடு, வங்கக்கடலின் இரு கரையும் தெரியும் வரைபடம், 1006–1025–1090 என்ற மூன்று ஆண்டுகள், பள்ளியின் இரட்டைப் பெயர். கல்வெட்டு வாசகத்தைப் பத்து வரி திரையில் போட்டுவிட்டு, நீங்கள் வேறொன்றைப் பேசினால், பார்ப்பவர் இரண்டையும் விட்டுவிடுவார்.

வெட்டியது வீணாகாது

வெளியே நின்ற பகுதிகள் கேள்வி நேரத்துக்கு உதவும். “ராஜராஜன் பௌத்தத்துக்கு மாறினானா?” என்று ஒருவர் கேட்பார். இல்லை; தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த ஆணை பிறந்தது என்று சொல்லலாம். “பிறகு அந்த விகாரம் என்ன ஆனது?” என்பார் இன்னொருவர். அப்போது செப்புத் திருமேனிகளையும், நாகைக்கு வந்துபோன பிக்குகளைப் பற்றிக் கல்யாணிக் கல்வெட்டு தரும் குறிப்பையும் எடுக்கலாம். “சீனக் கோபுரத்தை இடித்தது யார்?” என்றும் கேள்வி வரும். சென்னை மாகாண அரசின் அனுமதியோடு 1867இல் இயேசு சபையினர் இடித்தார்கள். அதுதான் சூளாமணி விகாரம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று விடைகளையும் முன்கூட்டியே தலா ஐந்து வரியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

முழுக் கட்டுரையும் கருத்தரங்கத் தொகுப்பில் அச்சாகப் போகிறது. ஒன்பதாயிரம் சொல்லும் அங்கே இருக்கும், வேண்டியவர் படித்துக்கொள்வார். மேடையில் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரு கேள்வி, அதற்கான சான்று, அந்தச் சான்று எதுவரை செல்லும் என்ற ஒப்புதல். பதினான்காம் நிமிடத்தில் நன்றி சொல்லி உட்காருங்கள். அடுத்துப் பேச வருபவரும் ஒரு நாற்பது பக்கக் கட்டுரையோடுதான் காத்திருக்கிறார்.